மக்கள்தொகைப் பிரமிடு: சிங்கப்பூர்ப் படத்தை வாசிக்கும்போது எழும் கேள்விகள்

பிரமிடு என்கிறார்கள், சிங்கப்பூர்ப் படத்தைப் பார்த்தால் பானை மாதிரிதானே இருக்கிறது?

பானைதான். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு படி, இளையவர் அடியில், முதியவர் உச்சியில், ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம்: இதுதான் படம். பிரமிடு என்ற பெயர் மட்டும் பழையது. அடி அகன்று உச்சி கூராக இருந்த காலத்தில் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. 1957 கணக்கெடுப்பை வரைந்து பார்த்தால் அசல் பிரமிடு கிடைக்கும். அப்போது சிங்கப்பூரில் இருந்தவர்கள் சுமார் 14.5 லட்சம் பேர், அவர்களில் 10 பேருக்கு 4 பேருக்கு மேல் 15 வயதுக்குக் கீழே. இன்றைய படத்தில் அடி ஒடுங்கி, நடு உப்பி, உச்சி கனத்திருக்கிறது. இரண்டு படத்துக்கும் இடையே ஒரு ஆயுட்காலம்தான். 1957இல் அடிப்படியில் குழந்தையாக இருந்தவர் இன்றைய படத்தின் மேல்பாதியில் உட்கார்ந்திருக்கிறார்.

படத்தைக் கையில் கொடுத்தால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பெரும்பாலான மாணவர்கள் "அடி குறுகியது, எனவே வளர்ந்த நாடு" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மதிப்பெண் ஏதோ கிடைக்கும், ஆனால் படம் பேசியதில் பாதிகூடக் காதில் விழுந்திருக்காது.

ஒவ்வொரு படியையும் ஒரே காலத்தில் பிறந்த ஒரு செட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2020 படத்தில் 40 முதல் 44 வயது வரை உள்ள படி என்பது, ஏறக்குறைய 1976 முதல் 1980 வரை பிறந்த செட். அவர்கள் பிறந்தபோது இந்தப் படி படத்தின் அடியில் இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஒரு படி மேலே ஏறி இப்போது இங்கே வந்திருக்கிறது. வழியில் அதன் நீளம் மாற மூன்றே காரணங்கள்தான் உண்டு: சிலர் இறந்திருக்கலாம், சிலர் நாட்டை விட்டுப் போயிருக்கலாம், வெளியிலிருந்து சிலர் வந்து சேர்ந்திருக்கலாம். பிறப்பு அந்தப் படியில் இனி நடக்காது, அது முடிந்துபோன கதை.

இதை மனத்தில் வைத்தால் எந்தப் படியைப் பார்த்தாலும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: இவர்கள் பிறந்தபோது எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்?

அந்த 1976–80 செட்டை வைத்தே ஒரு முறை செய்து காட்ட முடியுமா?

சரி. அந்த ஐந்து ஆண்டுகளும் பிறப்பு மிகவும் குறைந்திருந்த காலம். ஆண்டுக்குச் சுமார் 40,000 குழந்தைகள். 1977இல் அதற்கும் கீழே, 38,000 சொச்சம். ஐந்தாண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 200,000. 1950களின் கடைசியில் ஓர் ஆண்டுக்கே 60,000க்கு மேல் பிறந்தன, அதாவது ஐந்தாண்டில் 300,000. அதோடு ஒப்பிட்டால் இந்த செட் மூன்றில் ஒரு பங்கு சிறியது.

அப்படியானால் 2020 படத்தில் 40–44 வயதுப் படியில் ஓர் இடுப்பு மாதிரி ஒடுங்கல் தெரிய வேண்டும். தெரியவில்லை. அந்தப் படியின் நீளம் சுமார் 300,000. பிறந்தவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை, ஒருவர்கூட ஆஸ்திரேலியாவுக்குப் போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், குறைந்தது 100,000 பேர் இங்கே பிறக்காதவர்கள். நிரந்தரவாசிகளாகவும் புதிய குடிமக்களாகவும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். தாயின் பிரசவ அறையில் விட்டுப்போன இடத்தைச் சாங்கி விமான நிலையம் நிரப்பியிருக்கிறது.

கட்டுரையில் "சிங்கப்பூரின் மக்கள்தொகை அமைப்பில் குடிவரவு முக்கியப் பங்கு வகிக்கிறது" என்று பொதுவாக எழுதுவதைவிட, இந்த ஒரு படியைச் சுட்டிக்காட்டுவது மேல். ஒரு செட்டின் எண்ணிக்கை அதன் பிறப்பு எண்ணிக்கையைத் தாண்டினால் குடிவரவு இல்லாமல் அது நடந்திருக்க வழியே இல்லை.

எங்கள் புளோக்குக்கு எதிரே கட்டடம் கட்டும் அண்ணன்கள் இந்தப் படத்தில் எங்கே இருக்கிறார்கள்?

எங்கும் இல்லை. புள்ளிவிவரத் துறை வழக்கமாக வெளியிடும் வயது–பால் படம் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கொண்டது. 2020இல் தீவில் இருந்தவர்கள் 56.9 லட்சம், அந்தப் படத்தில் இருந்தவர்கள் 40.4 லட்சம். மீதி 16 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் படத்துக்கு வெளியே. 2024இல் வெளியே நின்றவர்கள் 18.6 லட்சம், அப்போது மொத்தம் 60.4 லட்சம்.

அவர்களையும் சேர்த்து வரைந்தால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை மாலை, வெளிநாட்டு ஊழியர்கள் கூடும் தேக்காவில் கண்ணில் படுவதை அப்படியே படத்தில் ஏற்றியது போல இருக்கும். தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த கட்டுமான ஊழியர்கள் பெரும்பாலும் இருபது, முப்பதுகளில் உள்ள ஆண்கள். இடப்பக்கம் அந்தப் படிகள் நீண்டுவிடும். வீடுகளில் வேலை செய்யும் இந்தோனேசிய, பிலிப்பீன்ஸ், மியன்மார்ப் பணிப்பெண்களால் வலப்பக்கமும் அதே வயதுகளில் நீளும். அடியும் உச்சியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வேலை அனுமதிச் சீட்டில் வருபவர் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து வளர்ப்பதில்லை, முதுமையில் இங்கே தங்குவதும் இல்லை. அவர்கள் செட்டாக மேலே ஏறுவதே கிடையாது. ஒருவர் திரும்பிப் போக, அதே வயதில் வேறொருவர் வருகிறார்.

அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் தலைப்பைப் படியுங்கள், வடிவம் அப்புறம். வளைகுடா நாடுகளின் படங்கள் ஒரு பக்கம் மட்டும் வயிறு தள்ளியபடி இருப்பது, அவர்கள் எல்லோரையும் சேர்த்து வரைவதால். அதோடு நம் படத்தைப் பக்கத்தில் வைத்து "இங்கே வெளிநாட்டு ஊழியர்கள் குறைவு" என்று ஒரு மாணவர் ஒரு முறை எழுதியிருந்தார். தப்பு அவருடையது மட்டும் இல்லை. கொடுத்த படத்தில் தலைப்பு வெட்டுப்பட்டிருந்தது.

மக்கள்தொகை நிலைமாற்றம் என்றால் சுருக்கமாக என்ன? அந்தக் கட்டங்கள் எல்லாம் குழப்புகின்றன.

இறப்பு முதலில் குறையும், பிறப்பு பின்னால் குறையும். இவ்வளவுதான். இரண்டும் உயர்ந்திருப்பது முதல் கட்டம். இறப்பு மட்டும் சரிவது இரண்டாவது. பிறப்பும் சரியத் தொடங்குவது மூன்றாவது. இரண்டும் தாழ்ந்து நிற்பது நான்காவது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இரு கோடுகளுக்கும் நடுவே தோன்றும் இடைவெளிதான் மக்கள்தொகைப் பெருக்கம். அமெரிக்கரான வாரன் தாம்சன் 1929இல் நாடுகளை வகைப்படுத்தித் தொடங்கி வைத்தார், ஃபிராங்க் நோட்ஸ்டீன் 1945இல் அதற்குக் கோட்பாட்டு உருவம் கொடுத்தார். ஐந்தாவது கட்டம் என்று பாடநூல்கள் சேர்ப்பது, பிறப்பு இறப்பைவிடக் கீழே போன பிறகு பிற்காலத்தவர் ஒட்டிய ஒட்டு.

சிங்கப்பூரைப் பொருத்திப் பார்ப்போம். 1947இல் 1,000 குழந்தைகளில் 87 பேர் ஒரு வயதாகும் முன்னே இறந்தார்கள். 1957இல் அது 41 ஆகக் குறைந்தது. அதே 1957இல் 1,000 பேருக்கு 43 பிறப்பு, 7 இறப்பு. இடைவெளி 36. இரண்டாம் கட்டத்தின் முழு விரிவு இது. மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தை என்ற அளவு, அப்போது 6க்கு மேல். 1975இல் அது 2.1க்கு, அதாவது ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்யத் தேவையான அளவுக்கு, வந்துவிட்டது. 18 ஆண்டுகள்! இதே இறக்கத்துக்கு மேற்கு ஐரோப்பிய நாடுகள் பல தலைமுறைகள் எடுத்துக்கொண்டன.

என் அம்மா 1958இல் பிறந்தவர், எட்டுப் பேரில் ஆறாவது. நான் இரண்டு பேரில் இரண்டாவது. நிலைமாற்றத்தை விளக்க எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இரண்டு குடும்பப் படங்களே போதும்.

முதல் கட்டம் சிங்கப்பூரில் எப்போது இருந்தது?

இங்கேதான் நிலைமாற்ற மாதிரி தடுமாறும். அது கதவை அடைத்துக்கொண்ட ஒரு நாட்டுக்காக வரைந்தது, அதில் குடிவரவுக்குக் கோடே கிடையாது. போருக்கு முந்திய சிங்கப்பூர் கப்பலால் வளர்ந்த ஊர். 1931 கணக்கெடுப்பில் இந்தியர்களிடையே 1,000 பெண்களுக்குச் சுமார் 5,000 ஆண்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட சமூகத்தில் பிறப்பு விகிதம் என்ன சொல்லும்? குழந்தை பெறுவதற்குக் குடும்பமே இந்தியாவில், சொந்த ஊரில் கிடந்தது. என் தாத்தாவும் தனியாகத்தான் கப்பலேறி வந்தார். பாட்டி வந்து சேர்ந்தது போர் முடிந்த பிறகு.

ஆகவே 1931 இந்தியர் படத்தை வரைந்தால் பிரமிடும் வராது, பானையும் வராது. இடப்பக்கம் மட்டும் இருபது, முப்பது வயதுகளில் ஒரு பெரிய பலகை நீட்டிக்கொண்டிருக்கும். இன்றைய வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியை வரைந்தாலும் அதே பலகைதான். "சிங்கப்பூர் 1900இல் முதல் கட்டத்தில் இருந்தது" என்று எழுதுவது எளிது, ஆனால் அது மாதிரிக்காக ஊரை வளைப்பது. போருக்குப் பிறகு பெண்களும் வந்து, இங்கேயே பிறந்தவர்கள் பெருகி, ஆண்–பெண் கணக்கு சமநிலையை நெருங்கிய பிறகுதான் அந்தக் கோடுகளை இங்கே நம்பி வரையலாம்.

பிறப்பு குறைந்ததற்கு "இரண்டே போதும்" இயக்கம்தானே காரணம்?

பாதிக் காரணம் என்றுகூடச் சொல்லத் தயங்குவேன். தேதிகளைப் பாருங்கள். அரசாங்கத்தின் குடும்பத் திட்ட வாரியம் தொடங்கியது 1966இல். இரண்டே போதும் என்ற பிரசாரம் சூடு பிடித்தது 1972இல். ஆனால் 1957இல் 6க்கு மேல் இருந்த கருவள விகிதம் 1965லேயே 4.7க்கு இறங்கிவிட்டது. வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முன்பே பெண்கள் தொடங்கிவிட்டார்கள். பெண்பிள்ளைகள் பள்ளியில் கூடுதலாகச் சில ஆண்டுகள் தங்கினார்கள், திருமண வயது தள்ளிப்போனது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. 1949லிருந்தே தன்னார்வச் சங்கம் ஒன்று கருத்தடை ஆலோசனை கொடுத்து வந்தது.

அதன் பிறகு வந்த அரசாங்க நடவடிக்கைகள் சரிவைச் செங்குத்தாக்கின. 1970இல் கருக்கலைப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அடுத்தடுத்த பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது, சம்பளத்துடன் பேறுகால விடுப்பு முதல் சில பிள்ளைகளோடு நின்றது, பிள்ளை பெறுவதை நிறுத்திக்கொள்ள அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை கிடைத்தது.

இதற்கு மறுபக்கச் சோதனையும் வரலாற்றிலேயே நடந்திருக்கிறது. 1987இல் அரசாங்கம் திரும்பி நின்று "மூன்று அல்லது அதற்கு மேல், வசதி இருந்தால்" என்றது. 2001இல் குழந்தை போனஸ் வந்தது. கருவள விகிதமோ 2000இல் 1.60, 2010இல் 1.15, 2023இல் 0.97. கீழே தள்ளும்போது வேலை செய்ததாகத் தோன்றிய கை, மேலே தூக்கும்போது அவ்வளவு வலுவில்லாமல் போனது. தள்ளும்போது அந்தக் கைக்குத் துணையாகக் காலமே தள்ளிக்கொண்டிருந்தது என்பதுதான் என் கணிப்பு.

1975லேயே 2.1க்கு வந்துவிட்டது, அதற்குப் பிறகு கீழேதான். அப்படியும் ஏன் இத்தனை ஆண்டுகள் இறப்பைவிடப் பிறப்பு அதிகமாகவே இருந்தது?

இது நல்ல கேள்வி, ஒரு சின்னக் கணக்கு போட்டால் விளங்கிவிடும். யாரும் வராத, யாரும் போகாத ஒரு கற்பனைத் தீவு. 1,000 பேர். மூன்று படிகள் மட்டும்: 30 வயதுக்குக் கீழே 600 பேர், 30 முதல் 59 வரை 300 பேர், 60க்கு மேல் 100 பேர். ஒவ்வொரு 30 ஆண்டிலும் எல்லோரும் ஒரு படி ஏறுகிறார்கள், உச்சிப் படியில் இருப்பவர்கள் இறக்கிறார்கள், அடிப்படியில் இருந்தவர்கள் பிள்ளை பெறுகிறார்கள்.

இன்றோடு அந்தத் தீவில் பிறப்பு பாதியாகிறது என்று வையுங்கள். அதாவது இரண்டு பேருக்கு ஒரு பிள்ளை. 30 ஆண்டு கழித்து, அந்த 600 பேர் நடுப்படிக்கு ஏறியிருப்பார்கள், அவர்கள் பெற்றது 300. பழைய 300 பேர் உச்சிக்குப் போயிருப்பார்கள். கூட்டினால் 1,200. பாதி பிள்ளைதான் பெற்றார்கள், இருந்தும் தீவு 200 பேர் பெருத்துவிட்டது. பிறந்தவர்கள் 300, இறந்தவர்கள் 100. பெற்றோர் ஆகும் வயதில் கூட்டம் பெரிது, சாகும் வயதில் கூட்டம் சிறிது. அவ்வளவுதான் மர்மம்.

இன்னொரு 30 ஆண்டு போகட்டும். அடியில் 150, நடுவில் 300, உச்சியில் 600. மொத்தம் 1,050. இப்போது பிறப்பு 150, இறப்பு 300. அதற்கும் அடுத்த 30 ஆண்டில் அந்த 600 பேரும் போய்விட, 75, 150, 300 என்று நின்று மொத்தம் 525 ஆகிவிடும்.

இந்த ஓட்டத்துக்கு மக்கள்தொகை உந்தம் என்று பெயர். பிரேக் போட்ட பேருந்து உடனே நிற்காமல் சற்றுத் தூரம் போவது போல. அந்த 600 பேர் கொண்ட படி அடியிலிருந்து நடுவுக்கும், நடுவிலிருந்து உச்சிக்கும் ஏறுவதைக் கவனியுங்கள்: படம் பிரமிடாக இருந்து, பானையாகி, கவிழ்த்த பிரமிடாக மாறுவது அந்த ஒரு படியின் பயணத்தால்தான். 1950களிலும் 60களிலும் பிறந்தவர்கள் நம்முடைய 600. அவர்கள் இப்போது உச்சிப் படியில் கால் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் இங்கே ஆண்டுக்குச் சுமார் 33,000 பிறப்பு, 26,000க்கு மேல் இறப்பு. 1957இல் பிறப்பு இறப்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. உந்தம் தீரும் இடத்துக்கு வண்டி வந்துவிட்டது.

0.97 என்றால் ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை என்று அர்த்தமா? என் அத்தைமார் எல்லோருக்கும் இரண்டு இருக்கிறதே!

அத்தைமாரும் சரி, 0.97உம் சரி. அந்த எண் உண்மையான எந்தப் பெண்ணின் வாழ்க்கையும் அல்ல. அந்த ஓர் ஆண்டில் 20 வயதினர், 25 வயதினர், 30 வயதினர் என்று ஒவ்வொரு வயதிலும் நடந்த பிறப்பு வீதத்தை எடுத்து, ஒருத்தி தன் வாழ்நாள் முழுவதும் இதே வீதங்களில் பெற்றால் எத்தனை வரும் என்று கூட்டுகிறார்கள். பெண்கள் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் காலத்தில் இந்த எண் உண்மையைவிடத் தாழ்ந்து தெரியும். இன்று 26 வயதில் பெறாதவர் 34இல் பெறக்கூடும்.

இன்னொன்று, அந்த எண்ணைக் கணக்கிடும்போது வகுக்கும் பெண்கள் தொகையில் திருமணமாகாதவர்களும் இருக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் 40 முதல் 49 வயதுள்ள, திருமணமான அல்லது ஒரு முறையாவது மணந்திருந்த பெண்களுக்குச் சராசரி 1.76 பிள்ளைகள். பத்தாண்டுக்கு முன் 2.02. இறக்கம்தான், ஆனால் ஒன்றுக்குக் கீழே போகவில்லை. அப்படியென்றால் கருவளம் குறைவதில் பெரிய பங்கு, மணக்காமல் இருப்பதிலும் தாமதமாக மணப்பதிலும் இருக்கிறது. சமூகவியல் மாணவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். "பிள்ளை பெறத் தயங்குகிறார்கள்" என்பதும் "கல்யாணம் நடக்கவில்லை" என்பதும் இரண்டு வேறு கேள்விகள், காரணங்களும் வேறு.

சீன நாட்காட்டியின் டிராகன் ஆண்டில் பிறப்பு கூடும் என்கிறார்களே, அது படத்தில் தெரியுமா?

தெரியும், ஒற்றை வயதுப் படமாக இருந்தால். 1986 புலி ஆண்டில் கருவள விகிதம் 1.43, 1988 டிராகன் ஆண்டில் 1.96. ஒரே ஆண்டுக்குள், 1987இலிருந்து 1988க்கு, பிறப்பு சுமார் 44,000இலிருந்து 53,000க்குத் தாவியது. ஆனால் ஐந்தாண்டுப் படிகளில் 1985–89 என்று சேர்த்துவிட்டால் புலியின் பள்ளமும் டிராகனின் மேடும் ஒன்றையொன்று தின்றுவிடும், தட்டையாகத்தான் தெரியும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. 1987இல்தான் அரசாங்கக் கொள்கை திரும்பியது. 1988இன் ஏற்றத்தில் டிராகனுக்கு எவ்வளவு, சலுகைக்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. 2024உம் டிராகன் ஆண்டுதான், கருவள விகிதமோ முந்திய ஆண்டின் 0.97இலேயே நின்றது. இதே வகையான நம்பிக்கை எதிர்த்திசையில் வேலை செய்ததைப் பார்க்க ஜப்பான் படத்தை எடுத்து 1966 செட்டைத் தேடுங்கள். அந்த ஆண்டுக் குதிரை ஆகாதது என்று பயந்து அங்கே பிறப்பு நான்கில் ஒரு பங்கு சரிந்தது. படத்தில் யாரோ கத்தியால் கீறிய மாதிரி ஒரு வெட்டு இருக்கும்.

பிரமிடு வடிவம் மாறுவதால் அன்றாட வாழ்க்கையில் என்ன தெரியப்போகிறது?

பள்ளிக்கூடம்தான் முதலில் சொல்லும். 1993இல் இங்கே சுமார் 50,000 குழந்தைகள் பிறந்தன, 2002இல் 41,000க்கும் குறைவு. பிறந்து 17 ஆண்டில் தொடக்கக்கல்லூரி வயது. 1993 செட் 2010இலும் 2002 செட் 2019இலும் கல்லூரி வாசலுக்கு வந்தன. ஐந்தில் ஒரு பங்கு ஆள் குறைவு. 2017இல் கல்வி அமைச்சு எட்டுத் தொடக்கக்கல்லூரிகளை நான்காக இணைப்பதாக அறிவித்தது, இணைப்பு 2019இல் நடந்தது. ஆண்டர்சனும் சிராங்கூனும், ஈசூனும் இன்னோவாவும் அப்படித்தான் ஒன்றாயின. பழைய மாணவர்கள் வருத்தப்பட்டார்கள். ஆனால் பிறப்புப் பதிவைப் பார்த்த ஒருவரால் அதைப் பதினைந்து ஆண்டுக்கு முன்பே ஊகித்திருக்க முடியும்.

சார்பு விகிதத்தை எழுதும்போது என்ன தப்பு வரும்?

சார்பு விகிதம் என்பது உழைக்கும் வயதினரோடு ஒப்பிட்டால் குழந்தைகளும் முதியோரும் எத்தனை பேர் என்ற அளவு. அதில் வயது எல்லை கலந்துவிடும். பாடநூல் 15 முதல் 64 வரை உழைக்கும் வயது என்கிறது. சிங்கப்பூரில் மூத்தோர் ஆதரவு விகிதம் சொல்லும்போது 20 முதல் 64 வரை எடுக்கிறார்கள். அந்தக் கணக்கில், குடியிருப்பாளர்களில் 65 வயதைத் தாண்டிய ஒருவருக்கு 1970இல் 13.5 பேர் இருந்தார்கள், 2020இல் 4.3 பேர். இதையும் பாடநூல் முறையில் போட்ட வேறொரு நாட்டின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

இரண்டிலும் ஒரு பொதுக் குறை: 66 வயதில் உணவங்காடியில் கடை நடத்துபவர் சார்ந்திருப்பவராகவும், 22 வயதில் பல்கலைக்கழகத்தில் இருப்பவர் உழைப்பவராகவும் எண்ணப்படுகிறார்கள். ஓய்வு வயதே இங்கே 2022 ஜூலையில் 63 ஆனது, 2026 ஜூலையிலிருந்து 64.

தமிழ்நாடும் இதே பாதையில்தானா?

கருவளத்தில் ஆம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் விகிதம் 1.8, இந்தியச் சராசரி 2.0. ஆனால் இளைஞர்கள் வெளியே போகும் ஊருக்கும், இளைஞர்கள் வந்து இறங்கும் ஊருக்கும் ஒரே பிறப்பு விகிதம் இருந்தாலும் படம் ஒன்றாக வராது. தங்குவிடுதியில் நம் படத்துக்குள் வராமல் நிற்கும் அந்த அண்ணன், தன் சொந்த ஊர்ப் படத்திலும் அந்த வயதுப் படியில் ஒரு பள்ளமாக இருக்கிறார்.

எக்செலில் வரைகிறேன், இரண்டு பக்கமும் சரியாக வரவே மாட்டேன் என்கிறது.

ஆண்கள் B பத்தியிலும் பெண்கள் C பத்தியிலும் 0–4 முதல் 85+ வரை 18 வரிசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்களுக்கு எதிர்மறை எண் கொடுத்தால் இடப்பக்கம் போய்விடும்:

```
=-B2/SUM($B$2:$C$19)*100
```

பெண்களுக்கு இதையே `C2` வைத்து, கழித்தல் குறி இல்லாமல் எழுதுங்கள். அடுக்குப் பட்டை விளக்கப்படம் தேர்ந்தெடுத்து, பட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். கீழ் அச்சில் கழித்தல் குறி தெரியாமல் இருக்க எண் வடிவமாக `0;0` கொடுங்கள்.

தப்பு பெரும்பாலும் அந்த `SUM` உள்ளே நடக்கும். ஆண்களை ஆண்களின் மொத்தத்தாலும் பெண்களைப் பெண்களின் மொத்தத்தாலும் வகுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் தனித்தனியே 100 ஆகி, எப்போதும் சம அகலமாக நிற்கும். 1931 இந்தியர்களை அப்படி வரைந்து பாருங்கள். 6,000 பேரில் 5,000 பேர் ஆண்கள் என்பது சுவடில்லாமல் மறைந்து, தாத்தாவும் பாட்டியும் ஒன்றாகக் கப்பலேறி வந்தது போலப் படம் காட்டும். இரு பாலரையும் சேர்த்த மொத்தத்தால் வகுத்தால் இடப்பக்கம் 83, வலப்பக்கம் 17.